வழிகாட்டிக்கு நன்றி சொல்லும்போது எதைச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் திட்டம் அடுத்த வாரம் முடிகிறது. "உங்கள் பொறுமைக்கும் வழிகாட்டுதலுக்கும் மிக்க நன்றி, நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். போதாதா?

மரியாதைக்குப் போதும். நானும் ஏறக்குறைய இதே வரிகளைத்தான் அனுப்பினேன். பழைய மின்னஞ்சலை எடுத்துப் பார்த்தால் "பொறுமை" என்ற சொல் கூட அப்படியே இருக்கிறது. அந்தக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி என் பள்ளிக்கூட வாத்தியாருக்கோ ஓட்டுநர் பயிற்சி தந்தவருக்கோ அனுப்பியிருந்தாலும் பொருந்தியிருக்கும்.

நான் பேசுவது கட்டற்ற மென்பொருள் உலகின் வழிகாட்டல் திட்டங்களைப் பற்றி. 2005இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோடு, ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் அவுட்ரீச்சி போன்றவை. புதியவர் ஒருவர் சுமார் மூன்று மாதம் ஒரு மென்பொருள் திட்டத்துக்கு வேலை செய்கிறார். அவர் எழுதும் நிரலை அனுபவசாலி ஒருவர் வரிவரியாகப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார். பெரும்பாலும் தன் சொந்த வேலை முடிந்த பிறகு, இரவில். நான் ஒரு முறை புதியவனாக இருந்தேன். பிறகு மூன்று முறை வழிகாட்டியாக இருந்திருக்கிறேன்.

வழிகாட்டி இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. மூன்று மாதத்தில் நூறு, நூற்றைம்பது கருத்துகள் எழுதுகிறோம். எது புதியவரின் மண்டையில் ஏறியது, எதை அவர் "சரி, செய்துவிடுகிறேன்" என்று சொல்லி அன்றோடு மறந்தார் என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. அவர் அனுப்பிய மாற்றம், அதாவது பேட்ச், திட்டத்தில் சேர்ந்துவிட்டதா என்பது மட்டும் தெரியும். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் வேலையில் மாறியது எது என்று கடிதத்தில் சொன்னால், வேறு எங்கிருந்தும் அவருக்குக் கிடைக்காத ஒரு செய்தி கிடைக்கிறது.

என்ன மாறியது என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. எங்கே போய்த் தேடுவது?

யோசிக்காதீர்கள், பதிவைப் பாருங்கள். நினைவு கடைசி இரண்டு வாரத்தை மட்டும்தான் வைத்திருக்கும். நம் துறையில் ஒரு வசதி, செய்த வேலை எல்லாம் நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் தேதியோடு கிடக்கிறது.

```
git log --author="உங்கள் பெயர்" --reverse --stat
```

`--reverse` இருப்பதால் நீங்கள் பதிந்த முதல் மாற்றம், அதாவது முதல் கமிட், மேலே வரும். `--stat` ஒவ்வொரு கமிட்டிலும் எத்தனை கோப்புகள், எத்தனை வரிகள் மாறின என்று காட்டும். முதல் நான்கையும் கடைசி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே ஏதாவது கண்ணில் படும்: கமிட் செய்தி நீண்டிருக்கும், கமிட் சிறுத்திருக்கும், சோதனைக் கோப்பு ஒன்று கூடவே வரத் தொடங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பல திட்டங்களில் ஒரு பேட்சின் எல்லாக் கமிட்களையும் ஒன்றாக அழுத்திச் சேர்ப்பார்கள். அப்படியானால் `git log` உங்களுக்கு முடிவை மட்டும் காட்டும், நீங்கள் தடுமாறிய வழியைக் காட்டாது. அந்தத் தடுமாற்றம் ரிவ்யூ பக்கத்தில் இருக்கிறது. முதல் மாதத்து இணைப்புக் கோரிக்கை ஒன்றைத் திறந்து, வழிகாட்டி எழுதிய கருத்துகளை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். அஞ்சல் குழு வழியாகப் பேட்ச் அனுப்பும் திட்டமாக இருந்தால் பழைய அஞ்சல்களைப் படியுங்கள். படிக்கும்போது கொஞ்சம் கூசும். எனக்கும் கூசியது.

தேட வேண்டியது ஒன்றே ஒன்று: அப்போது அவர் சொல்ல வேண்டியிருந்த எதை இப்போது உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை?

நீங்கள் தேடியபோது என்ன கிடைத்தது?

எங்களுடையது ஒரு நாள்காட்டி மென்பொருள். திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகளைக் கணக்கிடும் பகுதியில் ஒரு பிழை இருந்தது. "மாதந்தோறும் 31ஆம் தேதி" என்று ஒருவர் ஒரு நிகழ்வைக் குறித்து வைத்தால், பிப்ரவரி வரும்போது நிரல் 31ஐத் தேடி, கிடைக்காமல் நழுவி, மார்ச் 3இல் போய் நின்றது. நாள்காட்டித் தரவுக்கான தரநிலை, ஆர்எஃப்சி 5545, இல்லாத தேதி வந்தால் அந்த மாதத்தை விட்டுவிட வேண்டும் என்கிறது. திருத்தம் சின்னது.

நான் அனுப்பிய பேட்ச் 412 வரி, ஒன்பது கோப்பு, ஒரே கமிட். பிழையைத் திருத்தும் வழியில் கண்ணில் பட்ட இடைவெளிகளை எல்லாம் சீராக்கியிருந்தேன், இரண்டு மாறிகளின் பெயரை மாற்றியிருந்தேன், ஒரு செயற்கூறை வேறு கோப்புக்குக் கொண்டு போயிருந்தேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். கமிட் செய்தி இது:

```
fix recurrence bug
```

வழிகாட்டி திட்டவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இதில் எந்த வரி பிப்ரவரியைச் சரிசெய்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிய நிரல், இருந்தும் தெரியவில்லை. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில் 11 வரிகள் மிஞ்சின. மற்ற 401 வரியும் அந்த 11ஐ மறைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. ரிவ்யூ செய்பவர் மட்டுமல்ல, இரண்டு ஆண்டு கழித்து அங்கே ஒரு பிழை வந்து, எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று `git blame` செய்து பார்க்கப்போகும் முகம் தெரியாத ஒருவரும் அந்த 401 வரிக்குள் தடவியிருப்பார்.

பிரித்து அனுப்பினேன். முதல் கமிட்டில் ஒரு சோதனை மட்டும், இரண்டாவதில் திருத்தம், இடைவெளிச் சீரமைப்புத் தனியாக மூன்றாவதில். அவர் அதிலும் ஒன்று கேட்டார்: "இரண்டாவதை எடுத்துவிட்டால் சோதனை தோற்கிறதா?" எடுத்துப் பார்த்தேன். தோற்கவில்லை! நான் சோதித்தது ஜனவரியிலிருந்து ஒரு மாதம் மட்டும், பிப்ரவரியை எட்டவே இல்லை. திருத்தம் இல்லாமலும் வெற்றி பெறும் சோதனை எதையும் காக்காது என்று அன்றுதான் கையோடு தெரிந்துகொண்டேன். கடைசியில் சேர்ந்த கமிட் செய்தி:

```
recur: skip months that lack the requested day

BYMONTHDAY=31 rolled over to 3 March when it reached
February. RFC 5545 requires such dates to be ignored.
```

மொத்தம் ஏழு சுற்று ரிவ்யூ. 11 வரிக்கு.

மூன்று மாதம் உட்கார்ந்து வேலை செய்தால் யாருக்கும் கொஞ்சம் கை பழகும். அது அவரால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

நியாயமான சந்தேகம். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினால் அது முகஸ்துதி, அவருக்கும் அது தெரியும். நான் இரண்டு கேள்வி போட்டுப் பார்ப்பேன்.

ஒன்று, தேதி. மாற்றம் முதலில் தென்படும் கமிட்டுக்குச் சற்று முன்னால் அவருடைய கருத்து ஒன்று இருக்கிறதா? என் விஷயத்தில் ஜூன் முதல் வாரத்தில் அந்தக் கேள்வி. ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து என் கமிட்கள் தாமாகவே பிரிந்து வருகின்றன. மாறாக, திட்டத்தின் கோப்பு அமைப்பு எனக்குப் பிடிபட்டதற்கு அவர் காரணம் இல்லை. தினமும் புரட்டினால் பிடிபடத்தான் செய்யும். அதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை.

இரண்டாவது, அவர் பார்க்காத இடத்திலும் அந்தப் பழக்கம் நிற்கிறதா? அவர் பார்ப்பார் என்று பயந்து செய்தது வேறு. ஆகஸ்டில் அவர் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தார். நேர மண்டலம் தொடர்பான என் பேட்சை வேறொருவர் பார்த்தார், அவருக்கு என்னைத் தெரியாது. மூன்று கமிட்டாகப் போன அந்தப் பேட்ச் ஒரே சுற்றில் சேர்ந்தது. இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

இரண்டுக்கும் ஆம் என்று வரும் விஷயம் ஒன்று கிடைத்தால் போதும். ஐந்தைத் தேடி அலைய வேண்டாம். ஐந்து சொன்னால் ஐந்தும் நீர்த்துப்போகும்.

எண்கள் போடலாமா? ஏழு சுற்று ஒன்றானது என்பது நன்றாக இருக்கிறதே.

போடலாம், ஆனால் அதை மட்டும் போட்டால் பொய்யாகிவிடும். ஏழு ஒன்றானதற்கு ஆகஸ்டு வேலை எளிதாக இருந்தது காரணமாக இருக்கலாம், புதிதாகப் பார்த்தவர் கண்டிப்புக் குறைந்தவராக இருக்கலாம். வழிகாட்டிக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால் எண்ணைச் சாட்சியாக நிறுத்தாமல் இடத்தைக் காட்டும் அடையாளமாக வையுங்கள். "412 வரிகளில் 11 வரி" என்று சொன்னால் அவருக்கு அந்தப் பேட்ச் சட்டென்று நினைவுக்கு வரும். "என் உற்பத்தித் திறன் 40 சதவீதம் உயர்ந்தது" என்றால் எங்கிருந்து வந்தது இந்தக் கணக்கு என்றுதான் நினைப்பார்.

முழுக் கடிதம் ஒன்றைக் காட்ட முடியுமா?

நான் இரண்டாவதாக எழுதியது இது. முதலாவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். வழிகாட்டி மதுரைக்காரர், சிங்கப்பூரில் வேலை. அதனால் தமிழிலேயே எழுதினேன்.

> வணக்கம் அண்ணா,
>
> திட்டம் முடிந்தபோது ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் நன்றி இருந்தது, விஷயம் இல்லை. விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.
>
> 31ஆம் தேதி நிகழ்வுக்கான என் முதல் பேட்சில், "இதில் எந்த வரி பிப்ரவரியைச் சரிசெய்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். 412 வரிகளில் 11 வரிதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை ஆனது. உங்களிடம் அப்போது சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.
>
> அன்றிலிருந்து எதையும் அனுப்பும் முன் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்ல முடியாவிட்டால் `git add -p` போட்டுத் துண்டு துண்டாக எடுத்துப் பிரிக்கிறேன். நீங்கள் ஊருக்குப் போயிருந்தபோது நேர மண்டலப் பேட்ச் மூன்று கமிட்டாகப் போய் ஒரே சுற்றில் சேர்ந்தது. இப்போது அலுவலகத்திலும் அப்படித்தான் அனுப்புகிறேன். போன மாதம் ஒரு கமிட்டை மட்டும் திரும்பப் பெற வேண்டி வந்தது. மற்ற இரண்டும் அசையாமல் இருந்தன.
>
> ஒன்று மட்டும் இன்னும் கைவரவில்லை. சோதனையை முதலில் எழுதுங்கள் என்பீர்கள். பாதி நாள் மறந்துவிட்டுக் கடைசியில்தான் எழுதுகிறேன். ஆனால் திருத்தத்தை எடுத்துவிட்டு அது தோற்கிறதா என்று பார்க்காமல் அனுப்புவதில்லை.
>
> அன்புடன்

அவ்வளவுதான். ஒரு திரைக்குள் அடங்கும். இதில் "பொறுமை" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு சுற்று பார்த்தவரிடம் போய் நீங்கள் பொறுமைசாலி என்று சொல்ல வேண்டுமா என்ன!

கைவராததைச் சொன்ன பத்தியை எடுத்துவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். எடுக்கவில்லை. அது இருப்பதால்தான் மேலே உள்ளதை அவர் நம்புவார்.

சார் என்பதா, அண்ணா என்பதா, பெயரைச் சொல்வதா?

மூன்று மாதம் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே. வெளிநாட்டுத் திட்டங்களில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். கடைசிக் கடிதத்தில் திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஏறினால் யாரோ எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கும். நான் "சார்" என்று தொடங்கினேன், இரண்டாம் வாரம் அவர் "சார் வேண்டாம்" என்றார், பெயர் சொல்ல நாக்கு வரவில்லை, அண்ணாவில் நின்றுவிட்டது. பெண் வழிகாட்டிகளை அக்கா என்று அழைக்கும் முன் அவர்களுக்கு அது பிடிக்குமா என்று கேட்டுவிடுங்கள். சிலருக்குப் பிடிக்காது.

எப்போது அனுப்புவது? கடைசி நாளிலா?

இறுதி மதிப்பீட்டின் முடிவு வந்த பிறகு. கூகுள் சம்மர் ஆஃப் கோடில் முதலில் நீங்கள் உங்கள் வேலையை ஒப்படைத்து வழிகாட்டியைப் பற்றிய மதிப்பீட்டையும் நிரப்ப வேண்டும். அதன் பிறகு அவர் உங்களை மதிப்பிடுவார். தேர்ச்சியும் கடைசித் தவணைப் பணமும் அவர் போடும் அந்த முடிவைப் பொறுத்தவை. இடைப்பட்ட அந்த வாரத்தில் உருக்கமான கடிதம் போனால், எவ்வளவு உண்மையாக இருந்தாலும், மதிப்பெண்ணுக்கு மனுப் போட்டதுபோல் ஆகிவிடும். வாங்குபவருக்கும் சங்கடம்.

மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவதும் கடிதமும் ஒன்றல்ல. படிவம் திட்டத்தை நடத்துபவர்களுக்கு. அதில் அவர் எத்தனை நாளில் பதில் சொன்னார், எங்கே தொங்கலில் விட்டார் என்பதையெல்லாம் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

கமிட்டிலேயே அவர் பெயரைப் போட்டுவிட்டால் அதுவே நன்றி ஆகிவிடாதா?

திட்டத்தின் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். கிட் மென்பொருளின் சொந்த வரலாற்றில், சம்மர் ஆஃப் கோடு காலத்தில் வந்த கமிட்களின் அடியில் `Mentored-by:` என்று வழிகாட்டியின் பெயரும், உதவியவர்களுக்கு `Helped-by:` என்றும் வரிகள் இருக்கும். அழகான வழக்கம். பேட்சோடு சேர்ந்து நிரந்தரமாக நிற்கும். உங்கள் திட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தால் வேலை நடக்கும்போதே போட்டுவிடுங்கள். இறுதியில் போய் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டாம்.

ஆனால் எல்லா வரியும் நன்றிக்கானது அல்ல. லினக்ஸ் கெர்னலில் `Reviewed-by:` என்பது, இந்தப் பேட்சை முழுதாகப் பார்த்தேன், சேர்க்கத் தகுந்தது என்று ரிவ்யூ செய்தவர் தாமே தரும் வாக்குமூலம். அவர் தராமல் நீங்களாக எழுதினால் அவர் பெயரில் கையெழுத்துப் போட்டது போலத்தான். `Suggested-by:` போடுவதற்கும், அந்த யோசனையைப் பொது இடத்தில் அல்லாமல் தனியாகச் சொல்லியிருந்தால், அவரைக் கேட்க வேண்டும்.

எப்படியும் அந்த ஒரு வரி, அவர் இருந்தார் என்று சொல்லும். என்ன செய்தார் என்று சொல்லாது. கடிதம் தனியாக வேண்டும்.

இறுதி அறிக்கையில் எல்லோரும் படிக்கும்படி எழுதினால் அவருக்குப் பெருமையாக இருக்குமே?

இருக்கலாம். வேலையைப் பற்றிய பகுதியை, அந்த 11 வரிக் கதையை, தாராளமாக எழுதுங்கள். அடுத்து வருபவருக்கும் பயன்படும். ஆனால் அவர் விடுப்பில் போனது, இரவு இரண்டு மணிக்கு உங்களுக்குப் பதில் சொன்னது, அவர் அலுவலகச் சுமை இதெல்லாம் அவருடைய சொந்த விஷயங்கள். இரவு இரண்டு மணி என்று நீங்கள் பாசத்தோடு எழுதுவதை அவருடைய மேலாளர் வேறு விதமாகப் படிப்பார். பெயரைப் போடும் முன் கேளுங்கள்.

என் வழிகாட்டி பாதி நாள் காணாமல் போனார். அவருக்கும் இப்படி எழுத வேண்டுமா?

இல்லாததை எழுத வேண்டாம். இருந்ததை எழுதலாம், அது ஒரு வரியாக இருந்தாலும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி ஆறு வாரம் பதிலே சொல்லவில்லை. அவள் கோபத்தில் கடிதமே வேண்டாம் என்றிருந்தாள். பிறகு பழைய அஞ்சல்களைப் புரட்டியபோது முதல் வாரத்தில் அவர் செய்த ஒரு காரியம் கண்ணில் பட்டது: கேள்வி கேட்கும்போது "என்ன செய்து பார்த்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது" மூன்றையும் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார். அவர் மறைந்த ஆறு வாரமும் அவள் பொது அரட்டைக் குழுவில் அதே முறையில் கேட்டு மற்றவர்களிடம் பதில் வாங்கித்தான் வேலையை முடித்திருக்கிறாள். அதை மட்டும் மூன்று வரியில் எழுதி அனுப்பினாள். ஆறு வார மௌனத்தைப் படிவத்தில், தேதிகளோடு, திட்டத்தை நடத்துபவர்களிடம் சொன்னாள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்கவில்லை. கலந்திருந்தால் நன்றி குத்தலாகவும் குறை கெஞ்சலாகவும் ஆகியிருக்கும்.

திட்டத்தில் தேர்ச்சி பெறவில்லை. நான் எழுதினால் அசட்டுத்தனமாக இருக்காதா?

இருக்காது. தேர்ச்சி என்பது ஒப்புக்கொண்ட வேலை முடிந்ததா என்பது பற்றியது. உங்கள் கை மாறியதா என்பது வேறு. இரண்டு வாரம் போகட்டும், மனது ஆறிய பிறகு எழுதுங்கள். முடிவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது போய் எழுதலாமா?

மேலே காட்டிய கடிதம் எட்டு மாதம் கழித்து எழுதியதுதான். அலுவலகத்தில் ஒரு கமிட்டை மட்டும் திரும்பப் பெற்றேன் என்று அதில் வருகிறதே, அது நடந்த அன்று இரவுதான் உட்கார்ந்து எழுதினேன். திட்டம் முடிந்த நாளில் எனக்கு அந்த வரி கிடைத்திருக்காது. பழக்கம் வேறு வேலையில், வேறு மொழியில், அவரைத் தெரியாதவர்கள் நடுவில் நிற்கிறதா என்பது தாமதமாகத்தான் தெரியும். அந்த வகையில் தாமதத்துக்கு ஒரு லாபம் உண்டு. "இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும்" என்று ஒரு பத்தி மட்டும் வேண்டாம்.

அவர் பதிலில் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. "எந்த வரி?" என்று கேட்பதை அவர் நிறுத்திவிட்டிருந்தார். எனக்குப் பின் வந்த ஒருவர் அதை நக்கலாக எடுத்துக்கொண்டு முகம் வாடியதால், அதற்குப் பிறகு எல்லோருக்கும் தானே பிரித்துக் காட்டிவிடுவாராம். என் கடிதத்தைப் படித்த பிறகு மறுபடியும் கேட்கத் தொடங்கியதாகவும், ஆனால் இப்போது கூடவே "அவசரமில்லை, ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சேர்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

அனுப்பினேன், பதில் வரவில்லை. தவறாக எதுவும் எழுதிவிட்டேனா?

அநேகமாக இல்லை. திட்டம் முடிந்த கையோடு பல வழிகாட்டிகள் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட சொந்த வேலைக்குள் மூழ்கிவிடுவார்கள். நினைவூட்டல் அனுப்ப வேண்டாம்.

இதில் நானும் குற்றவாளி. இரண்டாம் முறை வழிகாட்டியாக இருந்தபோது ஒரு தம்பி எழுதிய கடிதத்துக்கு நாற்பது நாள் பதில் போடவில்லை. நான் ஒருமுறை ஏதோ அவசரத்தில் எழுதிய ஒரு கருத்தைச் சொல்லி, அதனால் பிழைச் செய்திகளை முழுதாகப் படிக்கப் பழகினேன் என்று எழுதியிருந்தான். அந்தக் கருத்தை எழுதியதே எனக்கு நினைவில்லை. பழைய ரிவ்யூவைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: "கடைசி வரியை மட்டும் படிக்காதே, மேலே போ" என்று, ஒரு முற்றுப்புள்ளி கூட இல்லாமல். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்து, கடைசியில் மூன்று வரி அனுப்பினேன்.